படத்தில் ஒரு பெயர், வாக்கியத்தில் மூன்று குரல்கள்: அம்பேத்கரை மேற்கோள் காட்டும்போது

ஏப்ரல் 14, நவம்பர் 26, டிசம்பர் 6 ஆகிய நாட்களில் நம் கைப்பேசிகள் நீலப் பின்னணிப் படங்களால் நிறைகின்றன. கண்ணாடியும் கோட்டும் அணிந்த பாபாசாகேப்பின் உருவம், அருகே ஊக்கமூட்டும் ஒரு வாக்கியம், கீழே அவர் பெயர். அவர் அதை எங்கு, எந்நாளில், எவர் முன்னிலையில் கூறினார் என்ற குறிப்பு பெரும்பாலும் இருப்பதில்லை. பகிர்பவரின் சொந்தக் கருத்தும் இருப்பதில்லை. கைகூப்பிய ஒரு சின்னத்தோடு பகிர்வு முடிந்துவிடுகிறது.

ஒரு வாக்கியத்தின் கீழ் ஒருவர் பெயரை எழுதுவது, 'இதை இவர் கூறினார்' என்று சாட்சியம் அளிப்பதாகும். நீதிமன்றத்தில் அப்படிச் சொன்னால், ஆவணம் எங்கே என்பதே அடுத்த கேள்வியாக இருக்கும். இக்கேள்வியை நம் பகிர்வுகளுக்கும் பொருத்தினால் என்ன தெரியவரும் என்பதை அம்பேத்கரின் ஓர் உரையைக் கொண்டே பார்க்கலாம். பிறர் சொல்லை எடுத்தாள்வது எப்படி, அதனருகே தன் சிந்தனையை நிறுத்துவது எப்படி என்பதற்கு அவ்வுரையே முன்மாதிரி. தவறாக மேற்கோள் காட்டப்படும் உரைகளில் அதுவும் ஒன்று. இக்கட்டுரையில் அவ்வுரையின் கருத்துகளை என் சொற்களில் சுருக்கித் தருகிறேன். அவை அம்பேத்கரின் நேரடிச் சொற்கள் அல்ல என்பதால் மேற்கோள் குறிகள் இடவில்லை.

ஒரே பத்தியில் மூவர்

1949 நவம்பர் 25 அன்று, அரசமைப்புச் சட்டம் ஏற்கப்படுவதற்கு முந்தைய நாள், அரசமைப்பு நிர்ணய சபையில் விவாதத்துக்குப் பதிலளித்து அம்பேத்கர் உரையாற்றினார். அவ்வுரையின் பிற்பகுதியில் சனநாயகத்தைக் காக்க மூன்று செயல்கள் தேவை என்கிறார். முதலாவது, அரசமைப்பு வழிமுறைகளைப் பற்றி நிற்றல். இரண்டாவது, எவ்வளவு பெரிய தலைவராயினும் அவரிடம் நம் சுதந்திரங்களை ஒப்படைக்காதிருத்தல். மூன்றாவது, வெறும் அரசியல் சனநாயகத்தோடு மனநிறைவு கொள்ளாமல் அதைச் சமூக சனநாயகமாக ஆக்குதல்.

இங்கு நமக்கு வேண்டியது இரண்டாவது எச்சரிக்கை. அதை அவர் தன் சொந்தக் கூற்றாகத் தொடங்கவில்லை. சனநாயகத்தில் அக்கறை கொண்டோர் அனைவருக்கும் ஜான் ஸ்டூவர்ட் மில் விடுத்த எச்சரிக்கை என்று பெயர் சொல்லியே தொடங்குகிறார். மாமனிதர் ஒருவரின் காலடியில் தம் சுதந்திரங்களை வைத்துவிடாமலும், நிறுவனங்களையே கவிழ்க்க உதவும் அதிகாரங்களை அவரிடம் நம்பிக் கொடுக்காமலும் மக்கள் இருக்க வேண்டும் என்பது மில்லின் கருத்து. 1861இல் வெளிவந்த, பிரதிநிதித்துவ அரசாங்கம் பற்றிய அவருடைய நூலில் அது உள்ளது.

அடுத்து அம்பேத்கர் ஒரு நியாயத்தை ஏற்றுக்கொள்கிறார்: நாட்டுக்கு வாழ்நாள் முழுதும் தொண்டாற்றிய பெரியோருக்கு நன்றி பாராட்டுவதில் தவறில்லை; ஆனால் நன்றிக்கும் எல்லை உண்டு. அந்த எல்லை எது என்று சொல்ல இரண்டாவது மேற்கோளை எடுக்கிறார். அயர்லாந்தின் தேசபக்தர் டேனியல் ஓ'கானல் இதை நன்கு சொல்லியிருக்கிறார் என்று முன்னறிவித்துவிட்டே அதைச் சொல்கிறார். தன் மானத்தை விலையாகக் கொடுத்து எந்த ஆணும், தன் கற்பை விலையாகக் கொடுத்து எந்தப் பெண்ணும், தன் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்து எந்த நாடும் நன்றி காட்ட முடியாது என்பது அதன் பொருள்.

மூன்றாவதாக ஒலிப்பதுதான் அம்பேத்கரின் சொந்தக் குரல். இந்த எச்சரிக்கை பிற நாடுகளைவிட இந்தியாவுக்கு மிகவும் தேவையானது என்கிறார். ஏனெனில் உலகில் வேறெந்த நாட்டிலும் காணாத அளவுக்கு இந்நாட்டு அரசியலில் பக்தி, அதாவது தலைவர் வழிபாடு, செல்வாக்குச் செலுத்துகிறது. சமயத்தில் பக்தி ஆன்ம விடுதலைக்கு வழியாக இருக்கலாம். அரசியலில் அது சீரழிவுக்கும் இறுதியில் சர்வாதிகாரத்துக்குமே வழி என்று முடிக்கிறார்.

இந்த அமைப்பைக் கவனியுங்கள். ஒரு கருத்தை எடுக்கிறார். உரியவரின் பெயரைச் சொல்கிறார். பிறகு அதை இங்குள்ள நிலைமையோடு பொருத்தி, மில்லும் ஓ'கானலும் சொல்லாத ஒன்றைச் சேர்க்கிறார். பக்தி என்ற சொல்லும், இந்தியாவில் ஆபத்து அதிகம் என்ற கணிப்பும் அவருடைய சேர்க்கை. கடன் எது, சேர்க்கை எது என்பதில் கேட்பவருக்கு எந்தக் குழப்பமும் இல்லை.

பெயர் மாறினால் எது மறைகிறது?

இப்பத்தியிலிருந்து ஓ'கானலின் வாக்கியம் மட்டும் வெட்டியெடுக்கப்பட்டு, அம்பேத்கரின் பொன்மொழியாகச் சுற்றுகிறது. அவர் உரையில் அது இருப்பது உண்மை என்பதால் பகிர்பவருக்கு ஐயம் எழுவதில்லை. ஆயினும் மேற்கோளுக்குள் உள்ள மேற்கோளை எடுத்தாள்வோர் இரு பெயர்களையும் சொல்ல வேண்டும். 'டேனியல் ஓ'கானல் கூற்று. அம்பேத்கர் 25 நவம்பர் 1949 உரையில் எடுத்தாண்டது' என்று எழுதினால் போதும்.

பெயரை இப்படிப் பிரிப்பதால் இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, ஒரு வரலாற்றுத் தொடர்பு தெரியவருகிறது. ஓ'கானல் (1775–1847) கத்தோலிக்க வழக்கறிஞர். கத்தோலிக்கர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அமர முடியாத காலத்தில், 1828இல் கிளேர் தொகுதி இடைத்தேர்தலில் நின்று வென்றார். அடுத்த ஆண்டே அத்தடை நீங்கியது. ஒடுக்கப்பட்ட மக்களுக்காக வாதாடிய ஒரு வழக்கறிஞரின் சொல்லை, அத்தகைய இன்னொரு வழக்கறிஞர் நூறாண்டுக்கும் மேல் கழிந்து வேறொரு நாட்டின் அரசமைப்பு அவையில் எடுத்தாண்டார். ஓ'கானலின் பெயரை அழிக்கும்போது இத்தொடர்பும் அழிகிறது.

இரண்டாவது பயன் இன்னும் முக்கியமானது. அவ்வாக்கியத்தில் ஆணுக்கு மானமும் நாட்டுக்குச் சுதந்திரமும் பெண்ணுக்குக் கற்பும் அளவுகோலாக வைக்கப்படுகின்றன. இது பத்தொன்பதாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் மொழி. அம்பேத்கர் அதை உடன்பாட்டோடுதான் எடுத்தாண்டார். அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அவர் அங்கே நிறுவ முயன்றது நன்றியின் எல்லையையே. பெண்ணின் கற்பைப் பற்றி அவர் அங்கு வாதிடவில்லை. பெண்ணுடல் மீதான கட்டுப்பாடு குறித்து அவர் என்ன நினைத்தார் என்று அறிய விரும்புவோர், 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் அவர் படித்த 'இந்தியாவில் சாதிகள்' கட்டுரைக்குச் செல்ல வேண்டும். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் ஆகியவை அகமணத்தைக் காப்பதற்கான கருவிகள் என்றும், அகமணமே சாதியின் சாரம் என்றும் அங்கே அவர் விளக்குகிறார்.

ஆகவே ஓ'கானலின் வாக்கியத்தை அம்பேத்கர் பெயரில் தனியே பகிர்வது, ஒரு பெயர்ப் பிழையோடு நிற்பதில்லை. சாதி மாறி மணந்ததற்காகக் 'குடும்ப மானம்' என்ற பெயரில் கொலைகள் நிகழும் மண்ணில், பெண்ணின் மதிப்பு கற்பில் உள்ளது என்ற கருத்துக்கு, சாதி ஒழிப்பை எழுதியவரின் கையொப்பத்தை நாமே பெற்றுத் தந்தவர்களாகிறோம்.

பாதியில் வெட்டப்படும் வாக்கியம்

பெயர் சரியாக இருந்தும் பொருள் தவறாகலாம். பக்தி பற்றிய கூற்றில் முன்பாதியை மட்டும் எடுத்தால், ஆன்ம விடுதலைக்குப் பக்தியே வழி என்று அம்பேத்கர் போதித்ததாக ஆகிவிடும். சொற்கள் அவருடையவை, பெயர் அவருடையது, நாளும் சரி. கருத்து மட்டும் தலைகீழ்.

நம்மை நேரடியாகத் தாக்கும் இன்னொரு வெட்டும் உண்டு. அதே உரையின் முதல் எச்சரிக்கையில், குருதி சிந்தும் புரட்சியோடு சட்ட மறுப்பு, ஒத்துழையாமை, சத்தியாகிரகம் ஆகியவற்றையும் கைவிட வேண்டும் என்கிறார். இவ்வழிமுறைகளை அராஜகத்தின் இலக்கணம் என்று குறிப்பிடுகிறார். மாணவர்கள் போராடும்போதெல்லாம் இச்சொற்றொடர் அவர்களுக்கு எதிராக எடுக்கப்படுகிறது; அம்பேத்கரே போராட்டத்தை எதிர்த்தார் என்று வாதிடப்படுகிறது.

இதற்கு விடை அச்சொற்றொடருக்கு முந்தைய வரிகளிலேயே உள்ளது. பொருளாதார, சமூக நோக்கங்களை அடைய அரசமைப்பு வழி ஏதும் இல்லாதிருந்த காலத்தில் அம்முறைகளுக்குப் பெருமளவு நியாயம் இருந்தது. அவ்வழிகள் திறந்திருக்கும்போது நியாயம் இல்லை. இதுவே அவர் கூறியது. 1927இல் மகாத் குளத்துக்கும் 1930இல் நாசிக் காலாராம் கோயிலுக்கும் சத்தியாகிரகம் நடத்தியவர் தன் கடந்த காலத்தை மறுக்கவில்லை. நிபந்தனை ஒன்றைச் சேர்த்தார். அந்த நிபந்தனையை வெட்டுவது நேர்மையன்று. சத்தியாகிரகத்தையும் அவர் பட்டியலில் சேர்த்தார் என்பதை நாம் மறைப்பதும் அதே அளவு நேர்மையின்மைதான்.

அமைதியாக, ஆயுதமின்றிக் கூடும் உரிமையை அரசமைப்பின் 19ஆம் உறுப்பே தருகிறது; எனவே அத்தகைய ஆர்ப்பாட்டம் அவர் சொன்ன அரசமைப்பு வழிமுறைக்குள்ளேயே அடங்கும் என்பது என் வாதம். இவ்வாதம் அந்த உரையில் இல்லை. அதை என் பெயரில்தான் முன்வைக்க வேண்டும். மேற்கோளுக்கும் சொந்தக் கருத்துக்கும் இடையே கோடு போடுவது என்பதன் பொருள் இதுவே.

சரிபார்க்கும் முறை

படம் ஒன்று கைக்கு வந்ததும் முதலில் தேட வேண்டியது நாளும் இடமும். அவை இல்லாத மேற்கோள் உடனே பொய்யாகிவிடாது. ஆனால் சரிபார்க்கப்படாதது என்றாகிறது. அதே வாக்கியம் வேறொருவர் பெயரிலும் சுற்றுகிறதா, பொன்மொழித் தொகுப்புத் தளங்களில் மட்டுமே கிடைக்கிறதா, எந்த நூலின் எந்தப் பக்கம் என்று எவருமே சொல்வதில்லையா என்று பாருங்கள். மூன்றுக்கும் விடை ஆம் என்றால் பகிராதிருப்பதே முறை.

அடுத்தது மூலத்துக்குச் செல்வது. நவம்பர் 25 உரை அரசமைப்பு நிர்ணய சபை விவாதங்களின் பதினோராம் தொகுதியில் உள்ளது. மகாராட்டிர அரசு வெளியிட்ட அம்பேத்கர் ஆங்கிலத் தொகுப்பின் பதின்மூன்றாம் தொகுதியிலும் இடம்பெற்றுள்ளது. ஆங்கிலத் தொகுதியின் எண்ணும் தமிழ்த் தொகுதியின் எண்ணும் ஒன்றாகவே இருக்கும் என்று கொள்ளாமல், எம்மொழிப் பதிப்பு என்பதையும் சேர்த்தே குறிப்பிடுங்கள்.

மூலத்தில் அந்த வரியைக் கண்டதோடு நிறுத்தக்கூடாது. அதற்கு முன்னும் பின்னும் ஒரு பத்தியாவது படிக்க வேண்டும். பேசுபவர் தன் கருத்தைச் சொல்கிறாரா, பிறர் கருத்தை எடுத்துரைக்கிறாரா, மறுப்பதற்காக எதிர்வாதத்தைச் சுருக்குகிறாரா என்பது அங்கேதான் தெரியும். எதிராளியின் வாதத்தை முதலில் விரிவாகச் சொல்லிவிட்டுப் பிறகு அதைத் தகர்ப்பது வழக்கறிஞர்களின் எழுத்து முறை. அம்பேத்கரிடம் அது ஏராளம். அத்தகைய பத்தியின் முதல் வரியை வெட்டினால், அவர் தகர்த்த வாதமே அவர் பெயரில் வந்து நிற்கும்.

மொழிபெயர்ப்பும் ஒரு கை

நாம் தமிழில் பகிரும் அம்பேத்கர் பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளரின் வழியே வந்தவர். இதற்கு நாம் அனைவரும் அறிந்த முழக்கமே சான்று. 1942 சூலையில் நாக்பூரில் அகில இந்திய ஒடுக்கப்பட்ட வகுப்பினர் மாநாடு, சென்னையைச் சேர்ந்த ந. சிவராஜ் தலைமையில் நடந்தது. அங்கே ஆற்றிய உரையின் இறுதியில் அம்பேத்கர் மூன்று வினைச்சொற்களைத் தந்தார். அச்சேறிய ஆங்கில வடிவில் அவற்றின் வரிசை எஜுகேட், அஜிடேட், ஆர்கனைஸ் என்பதாகும்.

தமிழில் நாம் பெரும்பாலும் சொல்வது கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய் என்பது. வரிசை மாறியிருக்கிறது: நடுவில் இருந்த சொல் கடைசிக்குப் போய்விட்டது. பொருளும் நகர்ந்திருக்கிறது. அஜிடேட் என்பதற்குக் கலக்குதல், கிளர்ந்தெழச் செய்தல் என்ற பொருள் உண்டு; புரட்சி என்பது அதைவிடப் பெரிய வேறொரு சொல். மராத்தியில் முதல் சொல் 'கற்றுக்கொள்ளுங்கள்' என்று வழங்க, தமிழில் அது பிறருக்குக் கற்பிக்கச் சொல்கிறது. மேலும் இம்மூன்று சொற்களும் அதற்கு முன்பே பிரிட்டனில் ஃபேபியன் சங்கத்தாரிடம் முழக்கமாக இருந்தவை. ஆகவே அம்பேத்கர் 'உருவாக்கிய' முழக்கம் என்பதைவிட, 1942 நாக்பூர் உரையில் அவர் 'விடுத்த' அறைகூவல் என்பதே துல்லியமானது. அம்முழக்கத்துக்கு நம் மக்களிடையே கிடைத்த வாழ்வு இதனால் ஒரு துளியும் குறைவதில்லை.

மொழிபெயர்ப்பாளர் பெயரைக் குறிப்பிடுவதற்குச் சட்டக் காரணமும் உண்டு. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியரின் வாழ்நாளில் வெளியான எழுத்துக்கு, அவர் மறைந்த ஆண்டின் முடிவிலிருந்து அறுபது ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. அம்பேத்கர் 1956இல் மறைந்ததால், அவர் வாழ்நாளில் வெளியானவற்றுக்கு அது 2016 இறுதியோடு முடிந்தது. ஆனால் தமிழ் மொழிபெயர்ப்பு தனியொரு படைப்பு. அதற்குத் தனி உரிமை உண்டு. திறனாய்வுக்காகவோ விமர்சனத்துக்காகவோ சில வரிகளை எடுத்தாள்வதை 52ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தன் படைப்புக்குத் தானே ஆசிரியர் என்று உரிமை கோரவும், தன் மதிப்புக்கு ஊறு விளைக்கும் சிதைவைத் தடுக்கவும் படைப்பாளருக்கு 57ஆம் பிரிவு உரிமை தருகிறது. மொழிபெயர்ப்பு உங்களுடையதாயின் 'தமிழில்: நான்' என்று எழுதுங்கள், தவறு இருந்தால் திருத்துவோருக்கு யாரிடம் சொல்வது என்பது தெரியும்.

அருகே வைக்கும் சொந்தக் கருத்து

மேற்கோளைப் புகழ்வது சொந்தக் கருத்தாகாது. 'எவ்வளவு உண்மையான வரிகள்' என்பதால் படிப்பவருக்குப் புதிதாக எதுவும் கிடைப்பதில்லை. அம்பேத்கர் மில்லுக்குச் செய்ததையே நாமும் செய்யலாம்: இக்கருத்து என் ஊரில், என் கல்லூரியில், என் அமைப்பில் எங்கே பொருந்துகிறது, எங்கே பொருந்தவில்லை? உடன்படாத இடத்தைச் சொல்வதும் சொந்தக் கருத்தே.

மேலே கண்ட பத்தியைப் பகிர விரும்பும் ஒரு மாணவர் இவ்வாறு எழுதலாம்:

> பெரியோருக்கு நன்றி பாராட்டலாம். ஆனால் நம் சுதந்திரத்தை விலையாகக் கொடுத்து அன்று. அரசியலில் தலைவர் வழிபாடு சர்வாதிகாரத்தில் முடியும் என்கிறார் அம்பேத்கர்.
>
> (கருத்துச் சுருக்கம், நேரடி மேற்கோள் அன்று. அரசமைப்பு நிர்ணய சபை உரை, 25 நவம்பர் 1949; விவாதங்கள், தொகுதி 11, ஆங்கிலம். நன்றியின் எல்லை பற்றிய கருத்துக்கு அவர் டேனியல் ஓ'கானலை மேற்கோள் காட்டுகிறார். சுருக்கம் என்னுடையது.)
>
> என் கருத்து: எங்கள் மாணவர் அமைப்பில் ஐந்து ஆண்டுகளாக ஒருவரே பொறுப்பில் இருக்கிறார். அவர் எங்களுக்காக உழைத்தவர் என்பதால் கணக்குக் கேட்க அனைவரும் தயங்குகிறோம். அடுத்த பொதுக்குழுவில் வரவு செலவைப் படிக்கவும், பொறுப்புக்கு இரண்டாண்டு வரம்பு வைக்கவும் முன்மொழிகிறேன். ஓ'கானல் பெண்ணுக்கு வைத்த அளவுகோலை நான் ஏற்கவில்லை. அதனால் அப்பகுதியைச் சேர்க்கவில்லை.

இதில் நான்கு செய்திகள் தெளிவாக உள்ளன: யாருடைய கருத்து, எங்கே சரிபார்க்கலாம், சொற்கள் யாருடையவை, பகிர்பவர் எங்கே நிற்கிறார். விட்டுவிட்ட பகுதியையும் விட்டதற்கான காரணத்தையும் அவர் சொல்லிவிட்டதால், வெட்டினார் என்ற குற்றச்சாட்டுக்கு இடமில்லை. எதிர்ப்பவர் அவர் முன்மொழிவைத் தாராளமாக எதிர்க்கலாம். அம்பேத்கர் பெயரைக் கேடயமாகப் பிடித்து அவர் எவர் வாயையும் அடைக்கவில்லை.

படத்தில் இவ்வளவுக்கும் இடமில்லை என்பது வழக்கமான மறுப்பு. படத்துக்குள் பெயரும் நாளும் நிகழ்வும் ஒரே வரியில் அடங்கும். மற்றவற்றைப் படத்தின் கீழே எழுதலாம். படம் மட்டும் தனியே பிரிந்து பல கைகளுக்குப் போகும் என்பதால் நாளும் நிகழ்வும் படத்துக்குள்ளேயே இருப்பது அவசியம். மூலம் கிடைக்காத வரியாயின், அம்பேத்கர் பெயரை நீக்கிவிட்டு, அதே கருத்தை உங்கள் சொற்களில், உங்கள் பெயரில் எழுதுங்கள்.